தீபாவளி பலகார ஆர்டர்: கடைசி நாளை எப்படி வைப்பது?

வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுப்பவர்கள் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அறிவிப்பை இந்த வாரம் போட வேண்டும்.

அதிரசத்துக்கும் முறுக்குக்கும் ஒரே கடைசி நாள் சரிப்படாது. ஈர அரிசி மாவில் வெல்லப் பாகு கலந்து இரண்டு மூன்று நாளாவது புளிக்க விட்டால்தான் அதிரசம் மெத்தென்று வரும். பாகு முற்றினால் கல்லாகிவிடும், இளகினால் எண்ணெயில் பிரிந்துவிடும். கடைசி நேரத்தில் "இன்னும் அரை கிலோ அக்கா" என்றால் மாவுக்கு எங்கே போவது? அதனால் அதிரசத்துக்கு அக்டோபர் 31, முறுக்கு, மிக்ஸருக்கு நவம்பர் 4 என்று நினைத்திருக்கிறேன். இரண்டு தேதி போட்டால் குழப்பமாகுமா?

அளவு: ஒரு வீட்டுக்கு அதிரசம் 25, முறுக்கு 2 கிலோ வரை. இருப்பது ஒரே அடுப்பு. அவசரப்பட்டு நிறைய பிழிந்து போட்டால் எண்ணெய்ச் சூடு இறங்கி, முறுக்கு எண்ணெய் குடித்து நமுத்துப் போகிறது.

வாங்கிக்கொள்ள வெள்ளி மாலை 5 முதல் 8, சனி காலை 10 முதல் 1. நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுவேன், அதனால் அதற்கு முன்னால் தர முடியாது.

பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கலாமா? தெரிந்தவர்களிடம் கேட்கத்தான் கூச்சம். சொன்ன நேரத்துக்கு வராதவர்களின் டப்பாவை எதுவரை வைத்திருப்பீர்கள்? அறிவிப்பில் அதை எப்படி எழுதுவீர்கள்?