இனிஷியல் ஒரு இடத்துல முன்னாடி, ஒரு இடத்துல பின்னாடி: ரெஸ்யூமேல எந்தப் பெயர்?

திருச்சி 620
பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிகிரி ரெண்டுலயும் MURUGAN S. ஆதார்ல S Murugan. பான் கார்டுல MURUGAN SELVARAJ. அடுத்த மாசம் வேலைல சேரணும். எதை மாத்தணும்?

கோவை ஹெச்.ஆர்.
ரெஸ்யூமேல மார்க் ஷீட்ல இருக்கிறபடியே போடுங்க. பின்னணி சரிபார்க்கிறவங்க யுனிவர்சிட்டிக்கு அனுப்புறது அந்தப் பெயரும் பதிவு எண்ணும்தான். ஆனா சேரும்போது தர்ற படிவத்துல, "ஆதாரில் உள்ளபடி" என்ற கட்டத்துல ஆதார் பெயரை எழுத்துப் பிசகாம எழுதணும். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பர் அதை வச்சுத்தான் உருவாகும். அங்க ரெஸ்யூமே பெயரைப் போட்டா, பிற்பாடு பணம் எடுக்கப் போறப்பதான் தெரியும்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை
எதுக்கு அலைச்சல்? நோட்டரிகிட்ட "இரண்டும் ஒருவரே" அஃபிடவிட் வாங்கிட்டாப் போதும்.

கோவை ஹெச்.ஆர்.
பாதி சரி, தம்பி. மார்க் ஷீட்டுக்கும் ஆதாருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நிறைய கம்பெனிகள் அதை ஏத்துக்கும். ஆனா பான்-ஆதார் இணைப்புல பார்க்கிறது கம்ப்யூட்டர். S வேற, Selvaraj வேறன்னு தள்ளிடும். அஃபிடவிட்டை அங்க யார் படிக்கப் போறா?

இவர் கேஸ்ல ஆதாரை மட்டும் Murugan Selvaraj-னு மாத்தினாப் போதும். அதுக்குப் பான் கார்டே சான்று. பானைச் சுருக்கப் போகாதீங்க, அதுல கடைசிப் பெயர் கட்டம் ஒத்தை எழுத்தை ஏத்துக்காது. பாஸ்போர்ட் படிவமும் இனிஷியலை விரிச்சுத்தான் கேட்கும். மார்க் ஷீட் S-ஐத் தொட வேண்டாம். S யாருன்னு கேட்டா, டி.சி.யில அப்பா பெயர் இருக்கு.

ஆதார்ல பெயரை ஆயுசுக்கு 2 தடவைதான் மாத்தலாம். அதனால Selvaraj-ஆ Selvaraju-வான்னு அப்பாவோட ஆதாரைப் பார்த்து முடிவு பண்ணிட்டு அனுப்புங்க.

மதுரை மல்லி
கல்யாணத்துக்கு அப்புறம் ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியலுக்கு மாத்திட்டேன். யு.ஏ.என். பழைய பெயர்லயே இருக்கு. டிகிரியையும் மாத்தணுமா?

கோவை ஹெச்.ஆர்.
டிகிரி வேண்டாம்மா. கல்யாணச் சான்றிதழை அதோட சேர்த்துக் காட்டுங்க. யு.ஏ.என். பெயரைத் திருத்த, ஜாயின்ட் டிக்ளரேஷன் கொடுங்க. பான்லயும் பழைய பெயர்னா அதையும் பாருங்க. இனிஷியலை மாத்தியே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்லை.

அபுதாபி அண்ணாச்சி
பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்தை வெறுமனே விட்டுடாதீங்க. 2022 நவம்பர்ல ஒத்தைப் பெயர் பாஸ்போர்ட்காரங்களுக்கு யு.ஏ.இ. விசிட் விசா பெரிய தலைவலி ஆச்சு. அமெரிக்க விசாவுல பெயர் இடத்துல FNU, அதாவது முதல் பெயர் தெரியாதுன்னு வந்துடும். அப்பா பெயரை சர்நேம்ல போட்டுடுங்க.

திருச்சி 620
அப்படிப் போட்டா ஆபீஸ்ல எல்லாரும் "மிஸ்டர் செல்வராஜ்"னு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களே அண்ணாச்சி?

அபுதாபி அண்ணாச்சி
கூப்பிடத்தான் செய்வாங்க. இங்க பாதிப் பேர் அப்பா பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறோம்.