நிஜாமியா திறந்தது சரி, தலைமைக் காஜி யார்?

தென்றல் ரஹீம்:
1067இல் பாக்தாதில் செல்ஜூக் சுல்தானின் வஜீர், அதாவது முதலமைச்சர், நிஜாமுல் முல்க் நிஜாமியா கல்லூரியைத் திறந்தார். அன்றிலிருந்து காஜி என்ற நீதிபதி வேலை எல்லாம் ஷாஃபி மத்ஹப் ஆட்களுக்குத்தான். ஒரே வஜீர், ஒரே கல்லூரி, ஒரு மத்ஹப், ஒரு சட்ட வழி, உலகத்தையே பிடித்துவிட்டது. இதை யாராலும் மறுக்க முடியாது.

பழைய ஏடு:
நான் மறுக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. 1067இல் பாக்தாதின் தலைமைக் காஜி யார்? அபூ அப்தில்லாஹ் தாமகானி. ஹனஃபி, வேறு மத்ஹப். 1055இல் பதவியில் உட்கார்ந்தவர், 1085இல் இறக்கும்வரை எழுந்திருக்கவில்லை. உங்கள் கல்லூரி திறந்து 18 வருஷம், அதே ஊரில், தலைமைக் காஜி ஹனஃபி. கல்லூரியைச் சுற்றியே பரவாத மத்ஹப் உலகத்தைப் பிடித்ததாம்.

தென்றல் ரஹீம்:
ஒரு மனிதரை வைத்துக்கொண்டு ஆடாதீர்கள். நிஜாமியாவின் ஆசிரியர் அபூ இஸ்ஹாக் ஷீராஸி 1083இல் குராசானுக்குப் பயணம் போனார். வழியில் எந்த ஊருக்குப் போனாலும் காஜியோ முஃப்தியோ கதீபோ தன் மாணவராகவோ தோழராகவோ இருந்தார் என்று அவரே சொன்னார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பழைய ஏடு:
அந்தச் சாட்சியை நீங்களே முழுசாகப் படிக்கவில்லை. ஷீராஸி நிஜாமியாவுக்கு வருவதற்கு முன்பே பாக்தாதில் பள்ளிவாசலில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். குராசானில் பார்த்த மாணவர்களில் எத்தனை பேர் பள்ளிவாசலில் படித்தவர்கள், எத்தனை பேர் நிஜாமியாவில் படித்தவர்கள்? அந்த வாக்கியத்தில் அது கிடையாது.

இன்னொன்று. திறப்பு நாளில் ஊரே கூடியிருக்கிறது, ஷீராஸியைக் காணோம். நிலம் பிறரிடம் பறித்தது என்று வழியில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒளிந்துகொண்டார். இப்னு சப்பாகை உட்காரவைத்துப் பாடம் நடந்தது. சுமார் 20 நாள் கழித்துத்தான் ஷீராஸி வந்தார். ஆசிரியருக்கே அந்த இடத்தின் மேல் சந்தேகம். அதைத்தான் உலகத்தைப் பிடித்த கல்லூரி என்கிறீர்கள்.

சட்டப்புலி:
இரண்டு பேரும் வக்ஃபு பத்திரத்தைத் தொடவே இல்லையே. நிஜாமியாவின் நிபந்தனை தெளிவு. பாடம் நடத்துபவர், பிரசங்கம் சொல்பவர், நூலகப் பொறுப்பாளர் எல்லோரும் ஷாஃபியாக இருக்க வேண்டும். கட்டடமும் வருமானம் தரும் சொத்தும் ஷாஃபிகளுக்கே. படிப்பவனுக்குச் சாப்பாட்டுப் படி கிடைக்கும் என்றால் எந்தப் பக்கம் போவான்? காஜியை விடுங்கள், வயிற்றைப் பாருங்கள்.

பழைய ஏடு:
அம்மா, இது ஹனஃபிகளுக்கும் நடந்தது. அதே 1067இல், நிஜாமியாவுக்குச் சில மாதம் முன்னால், அபூ ஹனீஃபாவின் கல்லறையை ஒட்டி ஒரு மத்ரஸா எழுந்தது. கட்டியவர் அபூ சஅத், செல்ஜூக்குகளின் கணக்கு அதிகாரி. சுல்தான்களே ஹனஃபிகள், வஜீர் மட்டும் ஷாஃபி. அரண்மனை ஒரு பக்கம், வஜீர் ஒரு பக்கம். இதில் ஒரு மத்ஹப் மட்டும் எப்படிப் பரவியது? தலைமைக் காஜி யார் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

சட்டப்புலி:
உங்களுக்குத் தாமகானி என்ன சொந்தமா? வயிறு சும்மா இருக்காது என்பதற்கு ஆளைச் சொல்கிறேன். கண் பார்வையற்ற இலக்கண ஆசிரியர் இப்னு தஹ்ஹான், 1215இல் இறந்தவர். முதலில் ஹன்பலி, அப்புறம் ஹனஃபி. நிஜாமியாவில் இலக்கணப் பதவி காலியானபோது ஷாஃபியாகிவிட்டார். அடுத்து மிச்சமிருக்கும் மத்ஹபான மாலிக்கிடம்தான் போவாய் என்று ஒரு கவிஞர் கிண்டலே பாடினார். மத்ஹப் பரவுவது இப்படித்தான்.

பழைய ஏடு:
அருமையான உதாரணம், எனக்குச் சாதகமானது. கல்லூரி திறந்து நூறு வருஷத்துக்கும் மேலே கழித்து ஒருவர் மாறினார், இலக்கண வேலைக்காக. காஜி வேலைக்கு அல்ல. காஜியை நியமித்தது கலீஃபா, நிஜாமியா அல்ல. கல்லூரி ஆளைத் தயாரிக்கலாம், நாற்காலியைத் தர முடியாது. போன மாதம் சோழர் ஏரிகள் பற்றிய திரியிலும் இதே மாதிரி ஒரே ஆளை வைத்து ஊரையே அளந்தீர்கள்.

சட்டப்புலி:
அந்தத் திரியில் வாயைத் திறக்க முடியாமல் போனது நீங்கள்.

கடலோரன்:
எங்கள் ஊரில் எல்லோரும் ஷாஃபிதான். சுபுஹ் தொழுகையில் குனூத் துஆ ஓதுவோம். நிஜாமியாவில் படித்த காஜி ஒருவர் கப்பலில் வந்து பரப்பினார் என்று என் வாப்பா சொல்லியிருக்கிறார். அப்போ ரஹீம் சொல்வது சரிதானே?

பழைய ஏடு:
தம்பி, உங்களுக்கு மத்ஹப் வந்த வழி கடல்தான், வாப்பா அதைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். அரபிக் கடலோர வியாபாரத்தில் யமன், ஹளரமவ்த் பக்கத்து ஆட்கள் ஷாஃபிகள். மலபாரிலும் காயலிலும் கீழக்கரையிலும் அந்த வழி பலமாக இருந்தது. உள்நாட்டுத் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி. பாக்தாத் கல்லூரிக்கும் உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் நடுவில் எந்தக் கப்பல் என்று காட்டுங்கள்.

உள்ளூர்ப் பட்டாளம்:
நாங்களும் தமிழர்தான், ஹனஃபிதான். குனூத் ஓதாவிட்டால் சுபுஹ் ஆகாதா? கடற்கரைக்காரர்களுக்கு எப்போதும் இந்தப் பெருமைதான்.

கடலோரன்:
யார் அப்படிச் சொன்னது? கேள்வி மட்டுமே கேட்டேன்.

தென்றல் ரஹீம்:
சண்டையைத் திசை திருப்பாதீர்கள். எகிப்தைப் பாருங்கள். சலாஹுத்தீன் 1170இல் ஃபுஸ்தாத்தில் அம்ர் பள்ளிவாசல் பக்கம் ஷாஃபிகளுக்கு மத்ரஸா கட்டினார். மறு வருஷமே ஷீஆ காஜிகளை நீக்கிவிட்டு, ஷாஃபியான இப்னு திர்பாஸைத் தலைமைக் காஜியாக்கினார். கல்லூரி, அப்புறம் காஜி. என் வாதம் நேராக வந்து உட்காருகிறது.

பழைய ஏடு:
ஒரு வருஷத்தில் ஒரு காஜியைத் தயாரிக்க முடியுமா? இப்னு திர்பாஸ் அந்தக் கல்லூரியில் படித்து வெளிவந்தவர் அல்ல. சலாஹுத்தீனின் உத்தரவு வந்தது, அவ்வளவுதான். அதோடு அதே ஊரில் மாலிக்கிகளுக்கும் ஒன்று கட்டினாரே, ஃபய்யூம் நிலத்தின் கோதுமையைப் பங்கு வைத்ததால் கம்ஹிய்யா என்ற பெயர். ஒரு மத்ஹபைப் பரப்ப வந்தவர் இன்னொன்றுக்குக் கோதுமை அளப்பாரா? ஷாஃபி இமாம் 820இல் இறந்ததும் அந்த ஊரில்தான். அங்கே ஷாஃபிகள் முன்பே நிறைய இருந்தார்கள்.

தென்றல் ரஹீம்:
சரி, பாக்தாதுக்கே வருகிறேன். தாமகானி இறந்ததும் 1085இல் தலைமைக் காஜியானவர் அபூ பக்ர் ஷாமி. ஷாஃபி. இப்போது என்ன சொல்வீர்கள்?

பழைய ஏடு:
கல்லூரி திறக்கும்போதே ஐம்பது வயதைத் தாண்டியிருந்தவர் என்று சொல்வேன். அவரை நிஜாமியா உருவாக்கவில்லை. 1095இல் அவர் இறந்தபின் வந்தவர் யார் தெரியுமா? தாமகானியின் மகன். ஹனஃபி.

தென்றல் ரஹீம்:
நிஜாமுல் முல்க் நிஷாப்பூரிலும் இஸ்ஃபஹானிலும் பல்கிலும் கட்டினார். அங்கேயும் உங்கள் தாமகானி வந்து காஜியாக உட்கார்ந்தாரா? பாக்தாத் ஒரு ஊர். அந்த ஊர் நிஜாமியாவுக்கே 1091இல் கஸ்ஸாலி ஆசிரியராக வந்தபோது 300 மாணவர்கள் அவரிடம் படித்தார்கள், அவரே எழுதியிருக்கிறார். அவர்கள் எல்லாம் காற்றில் கரைந்தார்களா?

பழைய ஏடு:
எங்கே போனார்கள் என்று ஒருவர் பெயரையாவது எழுதுங்கள். காஜியானவர் பெயர், ஊர், வருஷம். நான் கேட்டது அதுதான்.

சட்டப்புலி:
ஆக வக்ஃபு பத்திரத்தை யாரும் தொடப்போவதில்லை. நல்லது.

கடலோரன்:
அப்போ எங்கள் ஊருக்கு யமனிலிருந்து வந்தவர் யார்? யாராவது சொல்வீர்களா?

உள்ளூர்ப் பட்டாளம்:
முதலில் குனூத் பற்றிப் பேசியதற்கு மன்னிப்புக் கேளுங்கள்.

பழைய ஏடு:
ரஹீம், பெயர்.