மகள் எல்.எல்.ஆர். வைத்து ஓட்டும்போது விபத்து. கிளெய்ம் படிவத்தில் யார் பெயரை எழுதுவது?

மழைச்சாரல்_72:
வணக்கம். கார் என் பெயரில் இருக்கிறது, முழு இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கிறது. முந்தாநாள் மாலை என் மகள் ஓட்டினாள். 19 வயது, எல்.எல்.ஆர். எடுத்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் டெஸ்டுக்குப் போகவில்லை. பக்கத்து சீட்டில் என் மனைவி இருந்தாள், அவளுக்கு லைசென்ஸ் உண்டு. வளைவில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டாள், மனைவி ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்ததில் வண்டி மின்கம்பத்தில் இடித்து நின்றது. அதற்குள் ஓரமாக நின்ற ஒருவரின் காலில் பம்பர் பட்டு எலும்பு முறிந்துவிட்டது. உடனே மருத்துவமனையில் சேர்த்தோம். அவருக்கு நல்லபடியாகக் குணமாக வேண்டும், அதுதான் முதல் கவலை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போனில் சொல்லியாகிவிட்டது, யார் ஓட்டியது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாளை படிவம் கொடுக்க வேண்டும். ஒர்க்ஷாப்பில், "உங்க பேரையே டிரைவர்னு எழுதிடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்கிறார்கள். மனசு ஒப்பவில்லை. உண்மையை எழுதினால் கிளெய்ம் போய்விடுமா?

டாப்கியர்:
போய்விடும். எல்.எல்.ஆர். என்பது பழகுவதற்கான அனுமதிதான், லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் ஒரு பைசா தரமாட்டார்கள். பேசாமல் உங்கள் பெயரையே எழுதுங்கள்.

முன்னாள்_சர்வேயர்:
தம்பி டாப்கியர் சொல்வது பாதிதான் சரி. லைசென்ஸே இல்லாதவர் ஓட்டினால் சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது, அது உண்மை. ஆனால் நம் ஊர் கார் பாலிசியில் டிரைவர் பற்றிய பத்தியை எடுத்துப் படித்துப் பாருங்கள், செல்லுபடியாகும் எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம் என்றே அச்சடித்திருப்பார்கள். ஒரே நிபந்தனை, 1989 மோட்டார் வாகன விதிகளில் 3-ஆம் விதிப்படி ஓட்டியிருக்க வேண்டும். அந்த விதி கேட்பது மூன்று விஷயம்: எல்.எல்.ஆர். உயிரோடு இருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு L இருக்க வேண்டும்.

ஐயா, உங்கள் மனைவி முன்சீட்டில் இருந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறார். நிறுத்தக்கூடிய இடத்தில் இருந்தார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பின்சீட்டில் இருந்திருந்தால் நான் இப்படிப் பேச மாட்டேன். இப்போது மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். எல்.எல்.ஆருக்கு ஆறு மாதம்தான் ஆயுள், விபத்து நடந்த தேதி அதற்குள் வருகிறதா? அதில் எல்.எம்.வி. என்று இருக்கிறதா? (பைக்குக்கு மட்டும் போட்டுவிட்டு காரில் பழகுபவர்கள் நிறையப் பேர், அங்கேதான் மாட்டுவார்கள்.) மனைவியின் லைசென்ஸ் அன்றைக்கு நடப்பில் இருந்ததா?

பெயர் மாற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்று எழுதுவார்கள், அடிபட்டவரே "ஒரு பொண்ணு ஓட்டிச்சு" என்று சொல்லியிருப்பார். தெருவில் கேமரா இருந்தால் கேட்டு வாங்குவோம். டிரைவர் சீட் முன்னுக்கு இழுத்திருக்கும், ஓட்டியதாகச் சொல்பவர் ஆறடி இருப்பார், இதை நான் எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன். பெயர் பொய் என்று தெரிந்துவிட்டால், எல்.எல்.ஆரில் நியாயமாகக் கிடைக்க வேண்டிய கிளெய்மும் அந்தப் பொய்க்காகவே நிராகரிக்கப்படும்.

அல்லிப்பூ:
சார், குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். பாலிசியில் மகள் பெயரை இப்போதே சேர்த்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடாதா? நான் இருக்கும் நாட்டில் ஓட்டுபவர் பெயர் எல்லாம் பாலிசியில் இருக்க வேண்டும்.

முன்னாள்_சர்வேயர்:
இங்கே அந்த முறை இல்லை அம்மா. உரிமையாளர் சம்மதத்தோடு, உரிய லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி பொருந்தும். அப்படிப் பெயர் சேர்த்தாலும் நடந்துபோன விபத்துக்கு அது உதவாது.

நெடுஞ்சாலை:
என் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். என் பையனுக்கு 17 வயது. நான் தூங்கிக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்துப் போய் ஒரு பைக்காரரை இடித்துவிட்டான். 16 வயதில் எல்.எல்.ஆர். கிடைக்கும்தானே என்று வாதாடினேன். அது 50 சிசிக்கு மேல் போகாத வண்டிக்கு மட்டுமாம், காருக்கு 18 முடிந்திருக்க வேண்டும். என் கார் சேதத்துக்கு ஒன்றும் வரவில்லை. அடிபட்டவருக்குத் தீர்ப்பாயம் போட்ட தொகையைக் கம்பெனி கட்டியது, கட்டிவிட்டு என்னிடம் வசூலிக்க உத்தரவும் வாங்கிவிட்டது. இன்னும் தவணையில் கட்டுகிறேன். இதுபோக 199ஏ பிரிவில் என்மேல் வழக்கு. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு, பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். எனக்குத் தெரியாமல் எடுத்தான் என்பதை நான்தான் நிரூபிக்க வேண்டும். சாவி டிவி பக்கத்தில் ஆணியில் தொங்கியது என்று நானே வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறேன், வக்கீல் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

டாப்கியர்:
அப்போ மழைச்சாரல் சாருக்கும் அடிபட்டவர் பணத்தைத் திருப்பி வசூலிப்பார்களே?

முன்னாள்_சர்வேயர்:
இரண்டும் வேறு தம்பி. எல்.எல்.ஆரும் லைசென்ஸ்தான், அதைக் காட்டி மூன்றாம் நபருக்குப் பணம் தர மறுக்க முடியாது என்று ஸ்வரண் சிங் வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதிமீறல் இருந்தாலும், அது உரிமையாளரின் கவனக்குறைவால் நடந்தது, விபத்துக்கு அதுவே அடிப்படைக் காரணம் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். சிறுவனுக்கு லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை, அதனால்தான் நெடுஞ்சாலை ஐயாவிடம் வசூலிக்கிறார்கள்.

மழைச்சாரல்_72:
பார்த்துவிட்டேன். எல்.எல்.ஆர். முடிய இன்னும் 19 நாள் இருக்கிறது, பைக், கார் இரண்டுமே அதில் இருக்கின்றன. மனைவியின் லைசென்ஸும் நடப்பில்தான் இருக்கிறது. ஒரு குறை, பின்னால் மட்டும்தான் L இருக்கிறது. முன்னால் ஒட்டியது வண்டி கழுவியபோது உரிந்துவிட்டது. இப்போது புதிதாக ஒட்டிவிடலாமா?

முன்னாள்_சர்வேயர்:
ஒட்டாதீர்கள்! இடித்த பம்பர் மேல் புது ஸ்டிக்கர் பளபளக்கும், போட்டோவில் முதலில் அதுதான் கண்ணில் படும். உரிந்த இடத்தில் பசைத் தடம் இருந்தால் அதைத் துடைக்காமல் அப்படியே காட்டுங்கள்.

பொன்னி_வக்கீல்:
L விஷயத்தில் நான் அவ்வளவு நம்பிக்கையாக இல்லை. அடிபட்டவர் பக்கம் அது எடுபடாது. ஆனால் சொந்தச் சேதத்தில், நிபந்தனை முழுமையாக இல்லை என்று கம்பெனி கடிதம் அனுப்பலாம். பெடல் மாறி மிதித்ததற்கும் முன்பக்க L இல்லாததற்கும் சம்பந்தமில்லை என்று பதில் எழுதுங்கள். கேட்கவில்லை என்றால் குறைதீர்ப்பாளர், அப்புறம் நுகர்வோர் ஆணையம். இன்னொன்று, ஆளுக்கு அடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும். சொன்னீர்களா? அடிபட்டவரிடம் தனியாகப் பேசிப் பணம் கொடுத்து எழுதி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொறுப்பேற்பதே பாலிசி நிபந்தனையை மீறுவதாகிவிடும். மருத்துவமனைக்கு ஓடுவது, கூட இருப்பது எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள்.

மழைச்சாரல்_72:
அன்று இரவே ஸ்டேஷனில் சொல்லிவிட்டோம், மகள் பெயரைத்தான் சொன்னோம். இன்று படிவத்திலும் அவள் பெயர், எல்.எல்.ஆர். எண், பக்கத்தில் இருந்தது யார் என்று எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சர்வேயர் வந்து மனைவியிடம் அரை மணி நேரம் பேசினார், ஹேண்ட் பிரேக்கை எப்படி இழுத்தீர்கள் என்று உட்கார வைத்துச் செய்து காட்டச் சொன்னார். முன்பக்கப் பசைத் தடத்தை இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அடிபட்டவருக்கு நாளை அறுவை சிகிச்சை, நானும் மகளும் போகிறோம்.