காலாண்டு வட்டி 572 ரூபாய்: பாஸ்புக்கை வைத்து நாள்வாரியாகக் கணக்கிட்ட அனுபவங்கள்

நாகலூர் காப்பித் தோட்டக்காரர்

ஏற்காட்டில் சிறிய அளவில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி பொங்கலையொட்டி மொத்தமாக வந்து, அடுத்த இரண்டு மாதங்களுக்குள் ஆட்கூலிக்கும் கடனுக்குமாகப் போய்விடும். இந்த ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு என் சேமிப்புக் கணக்கில் 572 ரூபாய் வட்டி வரவு வைத்திருக்கிறார்கள். விகிதம் ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று கிளையில் தெரிவித்தார்கள். கணக்கில் 1,64,000 ரூபாய் இருந்தது, அதற்கு 2.5 சதவீதம் கண்டு நான்கால் வகுத்தால் 1,025 ரூபாய் வருகிறது. பாதித் தொகை ஏன் குறைந்தது என்பதுதான் என் கேள்வி.

பாஸ்புக்கில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். ஜனவரி 1 அன்று இருப்பு 18,000. ஜனவரி 12 அன்று காப்பி வியாபாரி கொடுத்த காசோலைக்கு 1,46,000 வரவாகி, இருப்பு 1,64,000 ஆனது. பிப்ரவரி 3 அன்று கூலிக்காக 40,000 எடுத்தேன். மார்ச் 2 அன்று நகைக்கடனுக்கு 84,000 கட்டிய பிறகு 40,000 மீதம் இருந்தது. அதன் பின்னர் மார்ச் முடியும் வரை அந்தக் கணக்கை நான் தொடவில்லை.

கொண்டலாம்பட்டி நெசவாளர்

இதில் மர்மம் எதுவும் இல்லை அண்ணா. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ, அதற்கு மட்டும்தான் வட்டி தருவார்கள். உங்கள் காப்பிப் பணம் 12ஆம் தேதி வந்ததால், ஜனவரி மாதத்துக்கு வெறும் 18,000 ரூபாய்க்குத்தான் வட்டி. எங்கள் அப்பா காலத்திலிருந்து இந்த விதியை வைத்துத்தான் பாவு நூல் வாங்கும் நாளைக்கூட முடிவு செய்வோம். 10ஆம் தேதிக்கு முன்னால் போட வேண்டும், மாதம் பிறந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

தம்பி சொன்ன விதி உண்மையாகவே இருந்த விதிதான். நான் பணியில் சேர்ந்த காலத்தில் பேரேட்டைப் புரட்டி ஒவ்வொரு கணக்குக்கும் மாதத்தின் குறைந்த இருப்பைத் தேடி எடுத்து எழுதியிருக்கிறேன். ஆனால் வங்கிகளைப் பொறுத்தவரை அந்த முறை 2010 மார்ச்சுடன் முடிந்துவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நாளின் இருப்புக்கும் வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கிளைகள் கணினிமயமான பிறகுதான் அது நடைமுறையில் இயன்றது. கையால் எழுதிய காலத்தில் ஆயிரக்கணக்கான கணக்குகளுக்கு அன்றாடம் அதைச் செய்திருக்கவே முடியாது.

தோட்டக்காரர் ஐயாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் வேலை முடிந்து கணக்கு மூடும்போது எவ்வளவு இருக்கிறதோ, அதுதான் அந்த நாளின் இருப்பு. எனவே பணம் வந்த 12ஆம் தேதி பெரிய இருப்போடு சேரும். பணம் எடுத்த பிப்ரவரி 3 குறைந்த இருப்போடு சேரும். இந்த இடத்தில்தான் பலர் ஒரே நாளை இரண்டு பக்கமும் எண்ணிவிடுவார்கள். முதலில் 18,000 ரூபாய் ஜனவரி 1 முதல் 11 வரை 11 நாட்கள் இருந்தது, பெருக்கினால் 1,98,000. அடுத்து 1,64,000 ரூபாய் ஜனவரி 12 முதல் பிப்ரவரி 2 வரை 22 நாட்கள் இருந்தது, அது 36,08,000. பிறகு 1,24,000 ரூபாய் மார்ச் 1 வரை 27 நாட்கள், அது 33,48,000. கடைசியாக 40,000 ரூபாய் 30 நாட்கள், அது 12,00,000. 11, 22, 27, 30 ஆகியவற்றைக் கூட்டினால் 90 வருகிறது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றுக்கும் சேர்த்து 90 நாட்கள்தான் என்பதால் நாட்களை எண்ணியதில் பிழை இல்லை என்று தெரிகிறது. மேற்கொண்டு போகும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள். வட்டிக் கணக்கில் வரும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கையில்தான் பிறக்கின்றன.

நான்கு பெருக்குத் தொகைகளையும் கூட்டினால் 83,54,000 வருகிறது. அதை 2.5 ஆல் பெருக்கி, 100 ஆலும் 365 ஆலும் வகுத்தால் 572 ரூபாய் 19 காசு. வைப்புகளுக்கான வட்டியை அருகிலுள்ள முழு ரூபாய்க்குத் திருத்தித்தான் தர வேண்டும் என்பதால் 572 ஆயிற்று. நீங்கள் எதிர்பார்த்த 1,025 ரூபாய், 1,64,000 ரூபாய் 90 நாளும் அசையாமல் கிடந்திருந்தால் வந்திருக்கக்கூடிய தொகைக்கு நெருக்கமானது. அது கிடந்ததோ 22 நாட்கள்தான். பழைய முறைப்படி இதே விகிதத்தில் பார்த்திருந்தால் மாத இருப்புகள் 18,000, 1,24,000, 40,000 என்று அமைந்து, மொத்தம் 379 ரூபாய் மட்டுமே வந்திருக்கும்.

நாகலூர் காப்பித் தோட்டக்காரர்

மிக்க நன்றி ஐயா. நானும் தாளில் போட்டுப் பார்த்தேன், 572 சரியாக வருகிறது. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் காசோலையை நான் ஜனவரி 9, வெள்ளிக்கிழமை மாலை, வேலை நேரம் முடிந்த பிறகு கீழே சேலத்தில் கிளை வாசலில் இருந்த காசோலைப் பெட்டியில் போட்டேன். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அதற்கடுத்து ஞாயிறு. அந்த மூன்று நாட்களுக்கு வட்டி உண்டா?

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

இல்லை ஐயா. காசோலை உங்கள் கையைவிட்டுப் போன நாள் கணக்கில் வராது. அதன் பணம் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்த நாள்தான் கணக்கு. 1,46,000 ரூபாய்க்கு மூன்று நாள் வட்டி சரியாக 30 ரூபாய் ஆகிறது. வியாபாரி வெள்ளிக்கிழமையே கணக்கு மாற்றமாக அனுப்பியிருந்தால் அந்த 30 ரூபாயும் உங்களுக்கு வந்திருக்கும், ஏனென்றால் விடுமுறை நாட்களின் இருப்புக்கும் வட்டி உண்டு.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை

நான் வீட்டிலிருந்தபடி கொலுசுக்கு மணி கோத்துக் கொடுக்கும் பெண்களுக்குக் கூலி பிரித்துத் தருகிறேன். பட்டறைக்காரர் காலையில் என் சேமிப்புக் கணக்கில் 80,000, 90,000 என்று போடுவார். மாலைக்குள் நான் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். பாஸ்புக்கின் பக்கங்கள் நிறைந்து வழிந்தாலும் மூன்று மாத வட்டி நூறு ரூபாயைத் தொட்டதில்லை. மேலே எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் காரணம் விளங்குகிறது. இரவில் என் கணக்கில் தங்குவது ஏழாயிரம், எட்டாயிரம்தான். பகலில் எவ்வளவு வந்து போனாலும் அதற்கு வட்டி இல்லை என்று நான் புரிந்துகொண்டது சரிதானா ஐயா?

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

முற்றிலும் சரி அம்மா. 2.5 சதவீதத்தில் 8,000 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி ஏறத்தாழ 50 ரூபாய்தான். உங்களுக்கு வந்த தொகையும் அந்த அளவில் இருந்தால் குறை ஏதும் இல்லை.

சூரமங்கலம், ரயில்வே ஓய்வூதியர்

எனக்கும் போன காலாண்டில் வட்டி குறைவாகத்தான் வந்தது. விசாரித்தபோது வருமான வரி பிடித்துவிட்டோம் என்றார்கள். உங்களுக்கும் அப்படிப் பிடித்திருப்பார்களோ என்று பாருங்கள்.

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

ஐயா, நீங்கள் குறிப்பிடுவது நிரந்தர வைப்பின் வட்டியாக இருக்க வேண்டும். சேமிப்புக் கணக்கின் வட்டியில் வங்கி வரி பிடித்தம் செய்வதில்லை. உங்கள் வைப்பு ரசீதைத் தனியாகப் பாருங்கள். அது வேறு கணக்கு.

கொண்டலாம்பட்டி நெசவாளர்

ஐயா சொன்ன பிறகு வீட்டில் போய்ப் பார்த்தேன். அப்பாவின் கணக்கு அஞ்சலகத்தில் உள்ள கணக்கு. அங்கே கேட்டபோது 10ஆம் தேதி விதி இன்றும் அப்படியே இருக்கிறது என்றார்கள். விகிதமும் 4 சதவீதம். அப்படியானால் தோட்டக்காரர் அண்ணன் அஞ்சலகத்தில் வைத்திருந்தால் கூடுதலாகத்தானே வந்திருக்கும்?

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

தம்பியின் விதி அஞ்சலகத்துக்குப் பொருந்தும், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். இவருடைய இந்த மூன்று மாத இருப்புகளுக்கு அங்கே 606 ரூபாய் அளவுக்கு வரும். 572 ரூபாயைவிடச் சற்றுக் கூடுதல். ஆனால் அந்த முறையில் தேதி எவ்வளவு முக்கியம் என்பதைப் பாருங்கள். அதே காப்பிப் பணம் 12ஆம் தேதிக்குப் பதிலாக 9ஆம் தேதி வந்து சேர்ந்திருந்தால், ஜனவரி மாதத்துக்கு 18,000 ரூபாய்க்குப் பதில் 1,64,000 ரூபாய் கணக்கில் எடுக்கப்பட்டு, வட்டி 1,093 ரூபாய் ஆகியிருக்கும். மூன்று நாளில் 480 ரூபாய்க்கும் மேல் வேறுபாடு. வங்கியில் அதே மூன்று நாள் வேறுபாடு 30 ரூபாய்தான். மேலும் அஞ்சலகத்தில் நிதியாண்டு முடியும்போது ஒரே முறைதான் வட்டியை வரவு வைப்பார்கள். வங்கிகள் காலாண்டுக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைந்த இடைவெளியிலோ வரவு வைக்க வேண்டும் என்பது 2016 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. வரவான 572 ரூபாயும் அந்த நாளிலிருந்து இருப்பில் சேர்ந்து தானும் வட்டி ஈட்டத் தொடங்கும். பணம் அடிக்கடி வந்து போகிறவர்களுக்கு வங்கி முறையே பொருந்தும் என்பது என் கருத்து. பணத்தை அசையாமல் வைத்திருப்பவர்களுக்கு விகிதம்தான் முக்கியம்.

மேட்டூர் ஆசிரியை

நான் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டைப் பற்றிக் கேட்கிறேன். 60,000 ரூபாய் 91 நாளும் அப்படியே இருந்தது. ஏப்ரலில் விகிதம் 2.7 சதவீதம். அதன்படி 404 ரூபாய் வர வேண்டும். ஆனால் வந்தது 398. எடுக்கவும் இல்லை, போடவும் இல்லை என்பதால் நாட்களை எண்ணியதில் பிழை இருக்க வழியில்லை.

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

அந்தக் காலாண்டின் நடுவில் உங்கள் வங்கி விகிதத்தைக் குறைத்ததா என்று பாருங்கள் அம்மா. குறைத்திருந்தால் அந்த நாளுக்கு முன்பு ஒரு விகிதம், பின்பு ஒரு விகிதம் என்று இரண்டாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும்.

மேட்டூர் ஆசிரியை

கேட்டுவிட்டேன் ஐயா. ஜூன் 15 முதல் 2.5 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். 75 நாட்களுக்கு 2.7, 16 நாட்களுக்கு 2.5 என்று போட்டால் 398 ரூபாய் 63 காசு வருகிறது. முழு ரூபாய்க்குத் திருத்தினால் 399 ஆக வேண்டும். ஒரு ரூபாய் இன்னும் இடிக்கிறது. தொகை சிறியதுதான், ஆனால் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

ஒரு வழியில் பொருந்துகிறது. ஒரு நாள் வட்டியை முதலில் கண்டு, காசுக்குக் கீழுள்ளதை வெட்டிவிட்டு, பிறகு நாட்களால் பெருக்கிப் பாருங்கள். 2.7 சதவீதத்தில் நாளுக்கு 4 ரூபாய் 43 காசு, 2.5 சதவீதத்தில் 4 ரூபாய் 10 காசு. அப்படிச் செய்தால் மொத்தம் 397 ரூபாய் 85 காசாகி, திருத்தும்போது 398 வருகிறது. உங்கள் வங்கியின் மென்பொருள் இப்படித்தான் செய்கிறதா என்பதை வெளியிலிருந்து என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. கிளையில் வாய்மொழியாகக் கேட்காமல், காலாண்டின் தொடக்க, முடிவு நாட்களையும் இரண்டு விகிதங்களையும் குறிப்பிட்டு, நாள்வாரி வட்டிக் கணக்கீட்டைத் தருமாறு எழுத்தில் கேளுங்கள்.

மேட்டூர் ஆசிரியை

நாளை கடிதம் கொடுக்கிறேன் ஐயா. பதில் வந்ததும் எண்களை இங்கே எழுதுகிறேன்.