வகுப்பில் மாணவர்கள் ஒருவர் படத்தை ஒருவர் விமர்சித்தால் மனக்கசப்பில் முடிகிறது. எப்படி நடத்துவது?

கரித்துண்டு:
எட்டாம் வகுப்புக்கு ஓவியம் எடுக்கிறேன். 32 பேர், 45 நிமிடப் பீரியட். ஜாடி, துணியை எதிரே வைத்துப் பார்த்து வரையும் ஸ்டில் லைஃப் முடிந்ததும் எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்டி, ஆளுக்கு ஒரு படத்தைப் பற்றி "ஒரு நிறை, ஒரு குறை" சொல்லச் சொன்னேன். முதல் கால்மணி நேரம் "நல்லா இருக்கு", "கலர் சூப்பர்" என்றே ஓடியது. அப்புறம் ஒரு பையன், "இந்த ஜாடி நசுங்கிப் போயிருக்கு, யார் வரைஞ்சாலும் இதைவிட நல்லா வரும்" என்றான். வகுப்பே சிரித்தது. வரைந்த பெண் எழுந்து போய், தாளைச் சுவரிலிருந்து பிய்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு வகுப்புகளாக, தாளின் ஒரு மூலையில் மட்டும் சின்னதாக வரைந்து, இடது கையால் மறைத்தபடியே உட்கார்ந்திருக்கிறாள்.

பையனைக் கண்டித்தேன். ஆனால் குறை சொல்லச் சொன்னது நான்தானே? இந்தப் பழக்கத்தையே விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

நாவற்பழம்:
பெயரை மறைத்துவிடுங்கள். படத்தின் பின்பக்கம் எண் மட்டும் போடச் சொல்லி, கருத்தையும் துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். யார் படம், யார் சொன்னார்கள் என்று தெரியாவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை.

தூரிகை:
சீட்டில் எழுதுவது கூச்சப்படும் பிள்ளைகளுக்கு நல்லது, அதுவரை சரி. ஆனால் மாதக்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு யாருடைய கோடு எது என்று தெரியும். பெயரில்லாத சீட்டில் நேரில் சொல்லத் துணியாததையும் எழுதுவார்கள். வரைந்தவர் "எந்த இடத்தைச் சொல்கிறாய்?" என்று திருப்பிக் கேட்கவும் முடியாது.

கரித்துண்டு, விட்டுவிடாதீர்கள். நீங்கள் முடிந்துபோன படத்தை மாட்டியிருக்கிறீர்கள். அதில் இனி எதையும் மாற்ற முடியாது என்பதால் யார் என்ன சொன்னாலும் தீர்ப்பாகத்தான் விழும். பாதி வரைந்த நிலையில், திருத்த இடமிருக்கும்போது மாட்டுங்கள்.

அடுத்தது வரிசை. 1990இல் நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் வகுத்த முறை ஒன்று உண்டு, ஓவிய வகுப்புக்கும் அப்படியே பொருந்தும். முதலில் பார்ப்பவர்கள் தங்கள் கண்ணையும் மனதையும் பிடித்து நிறுத்தியது எது என்று சொல்வார்கள். பிறகு வரைந்தவர் தன் படத்தைப் பற்றித் தானே ஒரு கேள்வி கேட்பார். மூன்றாவதாக மற்றவர்கள் வரைந்தவரிடம் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் அபிப்பிராயம் ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "நிழலைப் பற்றி ஒன்று தோன்றுகிறது, சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டு. வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

பிள்ளைகள் தடுமாறுவது மூன்றாவது படியில்தான். "ஏன் இவ்வளவு இருட்டாக்கிட்டே?" என்பது கேள்வி மாதிரி வருகிற குறை. "இந்த இருட்டான இடத்தை வரையும்போது என்ன நினைச்சே?" என்பதுதான் கேள்வி. இந்த வித்தியாசத்துக்கே ஒரு வகுப்பு போகும், போகட்டும்.

முதல் முறை உங்கள் சொந்தப் படத்தை மாட்டுங்கள், உண்மையிலேயே சிக்கிக்கொண்ட படமாக இருக்கட்டும். அவர்கள் சொல்வதை நீங்கள் எதிர்வாதம் செய்யாமல் குறித்துக்கொள்வதைப் பார்த்துத்தான் கற்பார்கள். 32 படத்தையும் ஒரே மூச்சில் பேசவும் முடியாது. நாலு நாலு பேராகப் பிரித்து, படத்துக்கு எட்டு நிமிடம் கொடுத்தால் 32 நிமிடம். மீதி 13 நிமிடத்தில் கேட்டதை வைத்து உடனே தாளில் கை வைக்கட்டும்.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். குறை சொல்லச் சொன்னது உங்கள் தவறு என்பதை நீங்களே சொல்லுங்கள்.

கிளிப்பச்சை:
நான் ஆசிரியை இல்லை, அம்மா. என் மகள் வரைந்த மாமரத்தின் மேலேயே அவள் ஆசிரியர் சிவப்புப் பேனாவால் கிளையைத் திருத்திவிட்டார். மூன்று வாரம் உழைத்த படம். இன்னும் அலமாரியில் சுருட்டி வைத்திருக்கிறாள், பிரித்துப் பார்ப்பதில்லை. ஆசிரியர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

தூரிகை:
அம்மா, கேள்வி மாணவர்களுக்குள் நடப்பதைப் பற்றியது. ஆனாலும் நீங்கள் சொன்னது இங்கே உதவும். அடுத்தவர் தாளில் யார் கையும் படக்கூடாது, ஆசிரியர் கையும்தான். காட்டியே ஆக வேண்டுமென்றால் படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரைப் போட்டு அதில் கோடு இழுக்கலாம். பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் தாளை உருவிவிட்டால் படம் பழையபடி இருக்கும். மகளின் ஆசிரியரிடமும் இதையே கேட்டுப்பாருங்கள், புகாராக இல்லாமல்.

கரித்துண்டு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். முதலில் என் படத்தை மாட்டினேன். ஒருத்தி "சார், துணி மடிப்பு எந்தப் பக்கம் வெளிச்சம்னு எனக்குப் புரியலை, சொல்லட்டுமா?" என்று கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டேன். அதைப் பார்த்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது.

பிறகு பிள்ளைகள் பாதி வரைந்த படங்கள். ஒரு பையன் தன் ஜாடியை மாட்டி, "இது மேசை மேலே நிக்குதா, மிதக்குதா?" என்று கேட்டான். ஒருவன் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்து, "நிழல் ஜாடியைத் தொடலை, நடுவுல விரல் அகலத்துக்கு வெள்ளைத் தாள் தெரியுது" என்றான். இன்னொருத்தி, "வாய் வளைவா இருக்கு, அடி மட்டும் நேர்கோடா இருக்கு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் நிஜ ஜாடிக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தான். மேலிருந்து பார்க்கும்போது அடிப்பக்க வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக உருண்டு தெரியும் என்று அவனே கண்டுபிடித்தான். பத்து நிமிடத்தில் ஜாடி மேசையில் உட்கார்ந்துவிட்டது. அன்று சிரிக்கப்பட்ட ஜாடியிலும் இதே பிழைதான்.

சரியாக வராததும் உண்டு. ஒரு குழு ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டுக் கதை பேசியது. குறிப்புத் தாளை வாங்கிப் பார்த்தால் நாலு படத்துக்கும் "ஷேடிங் நல்லா இருக்கு".

தூரிகை:
அந்த வாக்கியத்தை வேறு படத்தின் கீழே எழுதினாலும் பொருந்துமா என்று அவர்களையே கேளுங்கள். பொருந்தினால், படத்தில் அந்த இடத்தை விரலால் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். சரி, அந்தப் பெண்?

கரித்துண்டு:
தனியாகப் பேசினேன். தலையை மட்டும் ஆட்டினாள். குழுவில் உட்காருகிறாள், மற்றவர்களுக்குக் குறிப்பு எழுதுகிறாள். தன் படத்தை மட்டும் மாட்ட மாட்டேன் என்கிறாள். நேற்று ஒருத்தியின் படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்து ஒரு வளைவை இழுத்துக் காட்டினாள், சரியாகவே இழுத்தாள். இன்னும் எவ்வளவு நாள் விடலாம்?

நாவற்பழம்:
ஒருத்திக்கு விலக்கு கொடுத்தால் அடுத்த மாதம் பாதி வகுப்பு "பாஸ்" என்று சொல்லும். ஒரு தேதி சொல்லிவிடுங்கள்.

தூரிகை:
எனக்கு அதில் உடன்பாடில்லை. விலக்கு எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும், பருவத்துக்கு ஒரு முறை என்று. அவளுக்குத் தேதி வேண்டாம், யாரிடம் காட்டலாம் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும், ஒரே ஒருவராக இருந்தாலும் போதும். என் வகுப்பில் ஒரு பையன் இப்படியே ஒரு பருவம் முழுக்க மாட்டவில்லை. அடுத்த பருவத்தில் மாட்டினான். எது அவனை மாற்றியது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.