வானத்தில் கண் முளைக்கிறது: ஸ்டைல் டிரான்ஸ்ஃபரில் எங்கே தப்பு?

மண்டபம்_முகில்
மண்டபம் கரையில் எடுத்த படம். முன்னால் ஒரு வல்லம், தூரத்தில் புதுப் பாம்பன் பாலத்தின் தூக்குக் கோபுரம், மேல் பாதி வெறும் வானம். இதை ராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துச் சுவரோவியம் மாதிரி ஆக்கப் பார்க்கிறேன். அந்த ஓவியப் படத்தைப் பாணிக்குக் கொடுத்து விஜிஜி-19-ல் ஓட்டினேன்.

```
content: conv4_2
style: conv1_1 conv2_1 conv3_1 conv4_1 conv5_1
```

வல்லம் அப்படியே இருக்கிறது. ஆனால் வானம் முழுக்கச் சிவப்புத் திட்டு, நகைத் துண்டு, கண் போன்ற கீறல்கள். நண்பன் அதே படத்தை டிஃப்யூஷனில் `strength=0.75` வைத்து ஓட்டினான். வானம் சுத்தம், ஆனால் தூக்குக் கோபுரம் கோயில் கோபுரம் ஆகிவிட்டது, படகின் பதிவு எண்ணைப் படிக்க முடியவில்லை. நான் செய்ததில் என்ன தப்பு?

தொண்டி_தாஸ்
பாணியின் எடையைப் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள், கண்ணெல்லாம் போய்விடும். டிஃப்யூஷனும் உருவத்தையும் பாணியையும் இப்படித்தான் பிரிக்கிறது, அது புது மாடல், அவ்வளவுதான்.

கீழக்கரை_காக்கா
எடையைக் குறைத்தால் வானத்தோடு சேர்த்து வல்லத்திலும் பாணி மங்கும் தம்பி. முகிலுடைய கோளாறு அதுவல்ல.

conv4_2 எந்த வடிவம் எந்த இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளும். அதனால்தான் வல்லம் நகரவில்லை. பாணிக்கு எடுப்பது கிராம் மேட்ரிக்ஸ். ஓர் அடுக்கில் உள்ள சானல்களில் எது எதோடு சேர்ந்து எழுகிறது என்பதைப் படம் முழுக்கக் கூட்டி ஒரே கணக்காகப் போடுவது. கூட்டியதும் இடம் அழிந்துவிடும். அந்த அடுக்கின் மதிப்புகளை, எல்லாச் சானலிலும் ஒரே மாதிரியாக, சீட்டுக்கட்டு போல இடம் மாற்றிக் கலைத்தாலும் கிராம் மாறாது. 'கண் முகத்தில்தான் இருக்க வேண்டும்' என்ற செய்தி அதற்குள் இல்லை.

சுவரோவியமோ விளிம்பு முதல் விளிம்பு வரை நெருக்கி வரைந்தது. உங்கள் படத்தில் பாதி வெறுமை. அதே அடர்த்தியைக் கணக்கில் கொண்டுவர வேண்டுமென்றால் காலி இடத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும். நிரல் சொன்னதைச் செய்திருக்கிறது.

சோதித்துப் பாருங்கள்: பாணியிலிருந்து conv4_1, conv5_1 இரண்டையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். கண் போய், நிறமும் நுண்கோடும் மட்டும் மிஞ்சினால் நான் சொன்னது சரி.

ஏர்வாடி_ஸ்டூடியோ
என்னிடமும் இதே தொல்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகத்தை டிஃப்யூஷனில் ஓவியம் ஆக்கினேன், வேறு ஆள் வந்து நிற்கிறார். மாமனார் வீட்டில் ஒரே சண்டை. எந்த ஆப் நல்லது?

கீழக்கரை_காக்கா
ஆப் எதுவும் எனக்குத் தெரியாது, ஆனால் காரணம் முகிலின் கோபுரத்துக்கு உள்ளதுதான். தாஸ் தம்பி, அங்கே உருவம், பாணி என்று இரண்டு தனிக் கணக்கு இல்லை. படத்தில் இரைச்சல் கலந்து, அதை நீக்கிக்கொண்டே திரும்ப வரைகிறது. 0.75 என்றால் 50 படிகளில் 37 படி புதிதாக வரைகிறது. இரைச்சலில் முதலில் அழிவது நுண்விவரம்: எண், கயிறு, முகச் சாயல். பெரிய வடிவம் கடைசி வரை தாங்கும். 'உயரமாக ஏதோ நிற்கிறது' என்பது மிஞ்சியது. 'கோயில் சுவரோவியம்' என்று முகிலின் நண்பர் எழுதியிருப்பார், அதைக் கோபுரமாக்கிவிட்டது.

இன்னொன்று முகில், அந்தப் பாணி உங்கள் ஓவியத்திலிருந்து வந்ததே இல்லை. அதைக் கொடுக்கவில்லையே! பழகிய படங்களிலிருந்து பொதுவாக ஓர் இந்தியச் சுவரோவியம் வரைந்திருக்கும்.

மண்டபம்_முகில்
ஆமாம் காக்கா, 'கோயில்' என்றுதான் எழுதினான் 😅

இரண்டு அடுக்கையும் எடுத்தேன், கண் போனது. ஆனால் வானத்தில் பொடிப் பொடியாகச் சிவப்பு நிற்கிறது.

கீழக்கரை_காக்கா
அப்போ வானத்துக்கு ஒரு மாஸ்க், மற்றதுக்கு ஒரு மாஸ்க் போட்டு, கிராமைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். ஓவியத்தில் உருவம் இல்லாத வெறும் பின்னணித் துண்டை வானத்துக்குக் கொடுங்கள், நகையும் கரையும் உள்ள பகுதியைப் படகுக்கு. இப்போது conv4_1-ஐத் திரும்பச் சேர்க்கலாம்.

தொண்டி_தாஸ்
நண்பன் `strength` 0.4 வைத்தாலே எண் தப்பிக்குமே?

கீழக்கரை_காக்கா
கோபுரம் தப்பிக்கலாம், எண் சந்தேகம். லேட்டன்ட் வகை மாடல் என்றால் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. சின்ன எழுத்து அந்தச் சுருக்கத்திலேயே கெடும். பாணியும் அவ்வளவாக ஏறாது.

மண்டபம்_முகில்
மாஸ்க் போட்டாச்சு. வானம் அமைதியாக இருக்கிறது, எண்ணும் படிக்க முடிகிறது. பாய்மரத்தைச் சுற்றி மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு இரண்டு பாணியும் கலந்த கறை. அதுகூடப் பரவாயில்லை. ஓவியத்தில் ஆட்கள் வரிசை வரிசையாக, ஆழமே இல்லாமல் நிற்கிறார்கள். என் படத்தில் தூரம் தூரமாகவே இருக்கிறது. அந்தத் தட்டையை எப்படிக் கொண்டுவருவது?

கீழக்கரை_காக்கா
கறைக்கு மாஸ்க் விளிம்பைக் கொஞ்சம் மங்கலாக்கிப் பாருங்கள். தட்டை கிராமுக்குள் இல்லை, conv4_2 அதை விடவும் விடாது. அந்தச் சுவர்களையே நிறையப் படமெடுத்து டிஃப்யூஷனைப் பழக்கினால் வரலாம், ஆனால் அப்போது பதிவு எண் போகும். இரண்டும் சேர்ந்து கிடைத்த படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.