ஜிப் பிளந்தால் ரன்னரை மாற்றுவதா, நெரிப்பதா?

மதுரைக்காரன்: பை ஜிப்பை மூடிய பிறகும் பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தால், கட்டிங் பிளேயரால் ரன்னரை ஒரு அழுத்து அழுத்துங்கள். வேலை முடிந்தது. புது ரன்னர் போடச் சொல்கிறவர்கள் எல்லாம் ரன்னர் விற்கிறவர்கள்தான்.

ஊசிமுனை: நான் பை தைக்கிறவன், ரன்னர் விற்கிறவன் இல்லை. இப்படி நெரித்து உடைத்த பிறகு என்னிடம் வரும் பைகளைப் பார்த்துத்தான் எனக்கு எரிச்சல். ரன்னர் ஏன் தேய்கிறது என்று முதலில் பாருங்கள். மேல்தகடு, கீழ்த்தகடு இரண்டுக்கும் நடுவே பல் ஓடுகிறது. ஓடி ஓடி உள்விளிம்பு தேய்ந்து இடைவெளி அகலமாகிவிடும். அப்புறம் இரண்டு பக்கப் பல்லும் ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பூட்டுகிற அளவுக்கு நெருக்கம் கிடைக்காது. நெரித்தால் அந்த இடைவெளி குறைகிறது, உண்மைதான். ஆனால் தேய்ந்துபோன விளிம்பு திரும்பி வருமா? அதுபோக, பெரும்பாலான ரன்னர் துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்தது. அது அதிகம் வளைந்து கொடுக்காது, விரிசல் விடலாம்.

மதுரைக்காரன்: என் பையன் ஸ்கூல் பையை நெரித்து ரொம்ப நாளாகிறது. இன்னும் மூடுகிறது. விரிசல் எங்கே?

சித்ரா: இரண்டு பேரும் சண்டை போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். ரன்னரின் பின்பக்கம் எண் இருக்கும். 5 என்றிருந்தால் 5 வாங்குங்கள், 8 என்றால் 8. நான் அப்படித்தான் வாங்கி மாட்டினேன், சரியாக ஓடுகிறது. இதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு?

ஊசிமுனை: எண் மட்டும் போதாது அக்கா. பூட்டிய பல்லின் அகலம் ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நைலான் சுருளிலும் 5 உண்டு, தனித்தனிப் பிளாஸ்டிக் பல்லிலும் 5 உண்டு, உலோகப் பல்லிலும் 5 உண்டு. ஒன்றின் ரன்னர் மற்றொன்றில் ஒழுங்காக ஓடாது. சுருளிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. சில பையில் சுருள் வெளியே தெரியும், சில பையில் உள்பக்கம் மறைந்திருக்கும். மாற்றி வாங்கினால் ரன்னர் ஓடும், ஆனால் இழுக்கிற பிடி பைக்கு உள்ளே போய்விடும். உங்களுக்கு அமைந்தது அதிர்ஷ்டம். பழைய ரன்னரைக் கழற்றிக் கையோடு தையல் சாமான் கடைக்குக் கொண்டுபோவதுதான் நல்லது.

சித்ரா: அதிர்ஷ்டம் இல்லை, எண் பார்த்துத்தான் வாங்கினேன்.

மதுரைக்காரன்: பாருங்கள், கடைக்கு அனுப்புகிறார். நான் சொன்னேனா இல்லையா? குக்கர் கேஸ்கெட் பேச்சிலும் இவர் இப்படித்தான், எதைக் கேட்டாலும் "புதுசு வாங்கு".

ஊசிமுனை: கேஸ்கெட்டை இங்கே இழுக்காதீர்கள். வெடித்துப்போன ரப்பரை மாற்றத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதையே சொல்வேன்.

மலைமேகம்: என் ஜாக்கெட்டுக்குப் புது ரன்னர் போட்டும் கீழே சேரவே மாட்டேன் என்கிறது. அப்போ ரன்னர் மாற்றுவது வேலைக்கு ஆகாது என்றுதானே அர்த்தம்?

ஊசிமுனை: தம்பி, கீழே ஒரு பக்கம் பெட்டி மாதிரி இருக்கும், மறுபக்கம் அதில் செருகும் ஊசி இருக்கும். அந்த ஊசியை ஒட்டிய நாடா நார்நாராகப் பிரிந்திருக்கிறதா பாருங்கள். பிரிந்திருந்தால் எந்த ரன்னர் போட்டும் பயன் இல்லை, முழு ஜிப்பையும் மாற்றவேண்டும். அது ரன்னர் கோளாறே இல்லை.

மலைமேகம்: லேசாகப் பிரிந்திருக்கிறது. பசை தடவினால் போதாதா? இன்னொன்று, மூடிய பிறகும் ரன்னர் தானாகக் கீழே இறங்குகிறது.

ஊசிமுனை: பசை எவ்வளவு தாங்கும் என்பது பிரிந்த அளவைப் பொறுத்தது, பார்க்காமல் சொல்லமாட்டேன். தானாக இறங்குகிறது என்றால் யாரோ பை ரன்னரை மாட்டிவிட்டிருக்கலாம். ஜாக்கெட் ரன்னரில் பிடியை விட்டதும் பல்லைப் பிடித்துக்கொள்ளும் சின்னப் பூட்டு இருக்கும். பை ரன்னரில் பெரும்பாலும் அது இருக்காது.

மதுரைக்காரன்: பேச்சை மாற்றாதீர்கள். நெரித்தால் மூடுகிறதா இல்லையா?

ஊசிமுனை: மூடும். இறுக்கம் கூடிப்போனால் அந்த ரன்னரே நைலான் சுருளை உரசித் தின்னும். அப்போது சின்ன ரன்னரோடு முடிய வேண்டிய வேலை முழு ஜிப்பில் போய் நிற்கும். வீடு போய்ச் சேரும்வரை மூடவேண்டும் என்றால் நெரியுங்கள். அதுவும் இரண்டு பக்கப் பல்லும் தனித்தனியாக நுழைகிற முன்பக்கத்து இரட்டை வாயைத் தொடாமல், பின்பாதியின் இரண்டு ஓரத்தையும் ஒரே அளவாக, மெதுவாக.

சித்ரா: சரி, கோளாறு ரன்னரிலா பல்லிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் பெண்ணின் பையும் இப்போது பிளக்கிறது.

ஊசிமுனை: நாலைந்து தடவை மூடிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பிளந்தால் அங்கே பல் கெட்டிருக்கிறது. இடம் மாறி மாறிப் பிளந்தால் ரன்னர். பையில் இரண்டு ரன்னர் இருந்தால் இன்னும் சுலபம். பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றைத்தான் இழுப்பார்கள். அதிகம் தொடாத மற்றதால் முழு நீளத்தையும் மூடுங்கள். அது ஒழுங்காக மூடினால் பல் நன்றாக இருக்கிறது, தேய்ந்தது முதல் ரன்னர்தான்.

சித்ரா: மூடிப் பார்த்தேன். மற்ற ரன்னர் நன்றாக மூடுகிறது. ஆனால் பை ஜிப்பின் இரண்டு முனையும் தையலுக்குள் இருக்கிறதே, எப்படிக் கழற்றுவது?

ஊசிமுனை: கெட்ட ரன்னர் இருக்கும் பக்கத்து முனையில், உள்ளே ஓரப்பட்டித் தையலை ஒரு அங்குலம் மட்டும் பிரியுங்கள். ஜிப்பின் வாலை வெளியே இழுத்து, பழைய ரன்னரை அந்த வழியாகவே உருவிவிடுங்கள். நாடாவின் இரண்டு முனையும் சமமாக இருக்கவேண்டும், பிசிறு இருந்தால் நறுக்கிவிடுங்கள். புது ரன்னரின் இரட்டை வாய் ஜிப்பின் நடுப்பக்கம் பார்க்கட்டும். அந்த வாய்க்குள் ஒவ்வொரு முனையாகச் செருகி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரன்னரைத் தள்ளுங்கள். பின்னால் பல் பூட்டிக்கொண்டு வரவேண்டும். ஒரு பக்கம் ஒரு பல் முந்தினாலும் அந்த ஓரம் புடைத்துக்கொண்டு நிற்கும், அப்படியே விடாமல் உருவி மறுபடி செருகுங்கள். சரியானதும் முனையில் கெட்டி நூலால் பல்லின் குறுக்கே நாலைந்து சுற்றுத் தைத்தால் ரன்னர் கழன்று வராது. அப்புறம் ஓரப்பட்டியைத் தைத்து மூடலாம். ஜாக்கெட்டில் தையல் பிரிக்கவேண்டாம், மேலே இருக்கும் தடுப்பைக் கழற்றினால் போதும்.

மதுரைக்காரன்: இத்தனை வேலைக்கு ஒரு அழுத்து எவ்வளவோ மேல். என் பையன் பை இன்னும் மூடுகிறது.

ஊசிமுனை: அந்தப் பை படம் போடுங்கள். ரன்னரின் பக்கவாட்டைக் கிட்டத்தில் எடுங்கள்.

மதுரைக்காரன்: எதற்கு? நீங்கள் பரிசோதனை பண்ணிச் சான்றிதழ் தரவா? மூடுகிற ஜிப்புக்குப் படம் எதற்கு?

மலைமேகம்: அண்ணே, என் ஊசிக்கு எந்தப் பசை என்று யாரும் சொல்லவே இல்லை.

சித்ரா: நான் 8 எண் வாங்கிவந்துவிட்டேன். சுருள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கடைக்காரர் கேட்கவே இல்லை. எண்தான் கேட்டார்.

ஊசிமுனை: தையலைப் பிரிப்பதற்கு முன்னால் பழைய ரன்னரோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள் அக்கா. பிடி எந்தப் பக்கம் இருக்கிறது?

மதுரைக்காரன்: பிளேயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள், சீக்கிரம் முடியும்.